‘இரண்டு மணி நேரத்தில் உங்கள் சிம் துண்டிக்கப்படும்’: டிராய் பெயரில் வரும் அழைப்பு

கேள்வி: அப்பா நன்னிலம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார், வயது 71. நான் அவர் பெண், சென்னையில் வேலை பார்க்கிறேன். இன்று காலை அவருக்கு டிராய் என்று சொல்லி ஒரு போன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் சிம் கட் ஆகிவிடும், விவரத்துக்கு 9-ஐ அழுத்தவும் என்று பதிவு செய்த குரல். அப்பா அழுத்திவிட்டார். ஒரு ஆள் பேசி, ‘உங்கள் ஆதாரில் மும்பையில் இன்னொரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதன்மேல் போலீஸ் கேஸ் இருக்கிறது’ என்றானாம். ஆதார் எண்ணைக் கேட்டதும் சொல்லிவிட்டார். அப்புறம் சிக்னல் போய் லைன் அறுந்துவிட்டது. நெல் போட்ட பணம், உழவர் உதவித்தொகை, பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அந்த ஒரே நம்பரில்தான். உண்மையாகவே சிம்மை வெட்டிவிடுவார்களா? ஆதார் கொடுத்ததால் ஏதாவது ஆகுமா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

சிம் கட் ஆகாது. வந்தது மோசடி அழைப்பு. 9-ஐ அழுத்தியதால் மட்டும் போன் யார் கைக்கும் போய்விடாது. அந்தப் பொத்தான் செய்வது ஒன்றுதான்: பதிவுக் குரலில் இருந்து லைனை உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மாற்றிவிடுகிறது. ஆதார் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கில் இருந்து பணம் எடுக்கவும் முடியாது. ஓ.டி.பி. சொல்லவில்லை, எந்த ஆப்பையும் இறக்கவில்லை, பணம் அனுப்பவில்லை என்றால் இதுவரை நஷ்டம் எதுவும் இல்லை.

ஆனால் விஷயம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் அப்பா 9-ஐ அழுத்தினார், பயந்தார், கேட்டதைச் சொன்னார். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியமான தகவல். வேறு எண்ணில் இருந்து, அநேகமாக வாட்ஸ்அப்பில், மறுபடி கூப்பிடுவார்கள். அப்போது பேசுகிறவர் டிராய் ஆளாக இருக்க மாட்டார், போலீஸ் அதிகாரியாக இருப்பார். அதற்கு முன்னால் நீங்கள் அப்பாவிடம் பேசிவிட வேண்டும். இன்று ராத்திரியே பேசுங்கள்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம்தான் பெரும்பாலும் இருந்தேன். இந்த அழைப்பு ஏன் பொய் என்பதை உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தவர்கள் அடுத்த முறை வேறு வேஷத்தில் வந்தாலும் ஏமாற மாட்டார்கள்.

டிராய் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதன் வேலை கம்பெனிகளோடு. கட்டண விதிகள், சேவைத் தரம், தொல்லை தரும் விளம்பர அழைப்புகளுக்கான கட்டுப்பாடு, இப்படி எல்லோருக்கும் பொதுவான விதிகளைப் போடுவார்கள். தனி ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தால்கூட அதை எடுத்து விசாரிப்பது அவர்கள் வேலை இல்லை, கம்பெனியிடம் போகச் சொல்வார்கள். நன்னிலத்தில் இன்னார் பெயரில் இந்த எண் இருக்கிறது என்ற பதிவேடு சிம் கொடுத்த கம்பெனியிடம்தான் இருக்கிறது. எண்ணை நிறுத்துவதும் திறப்பதும் அந்தக் கம்பெனியின் கணினியில் நடக்கிற வேலை. பில் பாக்கி, கே.ஒய்.சி. குறை, முறைகேடு என்று எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் நிறுத்துவது கம்பெனிதான். இதை டிராயே பலமுறை அறிவித்திருக்கிறது: இணைப்பைத் துண்டிப்பது பற்றி நாங்கள் வாடிக்கையாளர்களைத் தொடர்புகொள்வதில்லை, எங்கள் சார்பில் கூப்பிட எந்த ஏஜென்சிக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று. டிராய் பெயரில் விழிப்புணர்வு எஸ்.எம்.எஸ். வருவது உண்டு. அதில் எச்சரிக்கை இருக்கும், கெடு இருக்காது, எதையும் அழுத்தச் சொல்லாது.

‘அப்படியானால் அரசாங்கம் யாருடைய சிம்மையும் வெட்டுவதே இல்லையா?’ என்று அப்பா கேட்கலாம். நியாயமான கேள்வி. வெட்டுகிறார்கள், நிறையவே வெட்டுகிறார்கள். ஆனால் அது நடக்கிற விதம் வேறு. அந்த விதம் தெரிந்தால் ‘இரண்டு மணி நேரம்’ என்பது எவ்வளவு அபத்தம் என்று புரியும்.

ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 மொபைல் இணைப்புகள் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. அதற்கு மேல் வைத்திருப்பவர்களைச் சரிபார்க்கச் சொல்லி 2021 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. சரிபார்ப்புக்கு வராதவர்களுக்கு எப்படி நிறுத்த வேண்டும் என்று அதில் படிப்படியாகச் சொல்லியிருந்தது. வெளியே பேசுவதும் நெட்டும் 30 நாளில் நிறுத்தம், உள்ளே வரும் அழைப்பு 45 நாளில் நிறுத்தம், யாரும் உரிமை கோரவே இல்லையென்றால் 60 நாளில் முழுத் துண்டிப்பு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்மிலும் இதே வரிசையைப் பார்க்கலாம். முதலில் வெளியே பேச முடியாது, அப்புறம்தான் உள்ளே வருவது நிற்கும். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணைத்தான் கம்பெனி மூட முடியும். இப்படிப் படிப்படியாக நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு எண்ணை நம்பி ஒரு குடும்பமே நடக்கிறது என்பது விதி போட்டவர்களுக்கும் தெரியும். அதனால் ஆள் வந்து சேர நாள் கொடுக்கிறார்கள்.

போலீஸ் சொல்லி, மோசடிக்குப் பயன்பட்ட எண்ணைச் சட்டென்று நிறுத்துவதும் உண்டுதான். ஆனால் அப்படி நிறுத்துகிறவர்கள் முன்கூட்டியே போன் போட்டு 9-ஐ அழுத்தச் சொல்ல மாட்டார்கள். உண்மையான துண்டிப்பு என்றால் போதுமான நாட்கள் இருக்கும், அல்லது முன்னறிவிப்பே இருக்காது. இரண்டு மணி நேரக் கெடு என்று ஒன்று இடையில் கிடையாது. அப்பாவுக்கு வந்த அழைப்பின் முதல் வாக்கியத்திலேயே பொய் வெளிப்பட்டுவிட்டது.

அந்தக் கெடு எதற்கு என்றால், உங்களைக் கூப்பிடாமல் இருப்பதற்கு. பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறேன் என்று எழுந்திருக்க நேரம் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் இந்தப் பயம் சட்டென்று வேலை செய்யக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்த எண் அது. வங்கியில் இருந்து பணம் ஏறிவிட்டது என்று செய்தி வருவது அதில். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை கூப்பிடுவதும் அதில். அறுவடை நேரத்தில் போன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே கை நடுங்கும். இங்கே ஒரு விஷயத்தை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. போன் எண்ணுக்கு வருவது செய்தி மட்டும். ஒருவேளை சிம் இரண்டு நாள் வேலை செய்யாவிட்டாலும் பணம் கணக்கில் இருக்கும், பாஸ்புக்கில் பதிந்து பார்த்துக்கொள்ளலாம். சிம் கெட்டுப்போனால் கடைக்குப் போய் அதே எண்ணில் வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம். இதைப் புரிந்துகொண்டவரிடம் அந்தப் பதிவுக் குரலின் பிடி பாதி தளர்ந்துவிடும்.

சரி, லைன் அறுந்திராவிட்டால் என்ன நடந்திருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம், ஓய்வு பெற்ற அரசு ஊழியர், வயது 68. பெயரும் ஊரும் வேண்டாம். அவர் மகன் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னார்.

காலை பத்தரை மணிக்கு அதே பதிவுக் குரல், அதே 9. எதிரே பேசியவர் நல்ல தமிழில் பேசினார். தமிழ் பேசினால் நம்ம ஊர் அரசாங்க ஆள் என்று நினைக்க வேண்டாம். கம்போடியா, மியான்மர் போன்ற இடங்களில் இருக்கும் மோசடி முகாம்களுக்குத் தமிழ்நாட்டுப் பையன்களையே கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிப்போய் அடைத்து, அவர்களை வைத்தே பேச வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நிலைமை தனிச் சோகம். பேசியவர் ஒரு புகார் எண் சொன்னார், இவர் ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களைத் தானே சொன்னார். பெரியவர் அங்கேதான் நம்பினார். பெயரும் ஆதார் இலக்கங்களும் எங்கெங்கோ கசிந்து விலைக்குக் கிடைக்கின்றன. அவை தெரிந்திருப்பது அதிகாரத்துக்கு அடையாளம் இல்லை.

அப்புறம், ‘இரண்டு மணி நேரத்தில் மும்பைக்கு நேரில் வர முடியுமா?’ என்று கேட்டார்கள். முடியாது என்று தெரிந்து கேட்கும் கேள்வி. ‘சரி, உங்கள் வயதைப் பார்த்து ஆன்லைனில் வாக்குமூலம் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன்’ என்று சலுகை போலச் சொல்லி வாட்ஸ்அப் வீடியோவுக்கு மாற்றினார்கள். இந்த இடத்தில் சிம் விஷயம் காணாமல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு யாரும் சிம்மைப் பற்றிப் பேசுவதே இல்லை. திரையில் காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் சின்னம், மேஜைமேல் கோப்பு. இவர் பெயர் போட்ட ஒரு கடிதத்தை முத்திரையோடு அனுப்பினார்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியிருக்கிறது, நீங்கள் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’டில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் கேஸில் சேர்க்கப்படுவார்கள் என்றார்கள். பெரியவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டதற்கு ஆபீஸ் விஷயம் என்று சொல்லியிருக்கிறார்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. கைது என்றால் ஆள் நேரில் வந்து செய்ய வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வீட்டில் சொல்லாதே என்பது சட்டம் சொல்வதற்கு நேர் எதிரானது. பிரதமரே 2024 அக்டோபரில் தன் வானொலி உரையில் இதை எச்சரித்துப் பேசினார்.

பிறகு விசாரணை என்ற பெயரில் கேள்விகள். எந்தெந்த வங்கியில் கணக்கு, டெபாசிட் எவ்வளவு, நகை எத்தனை சவரன், நகைக்கடன் இருக்கிறதா, நிலம் யார் பெயரில். கேட்கிறவருக்கு இது குற்ற விசாரணை போலத் தோன்றும். அங்கே நடப்பது இவரிடம் எவ்வளவு கறக்கலாம் என்ற கணக்கு மட்டும்தான். பெரியவர் எல்லாவற்றையும் உண்மையாகச் சொன்னார். நேர்மையான மனிதர், மறைத்தால் குற்றம் என்று நினைத்தார். இப்படி ஏமாறுகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்றும் விவரம் இல்லாதவர்கள் என்றும் சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்த மோசடியில் ஆசை காட்டுவதே இல்லை. சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்கள்தான் இதில் முதலில் மாட்டுகிறார்கள்.

பிற்பகல், டெபாசிட்டை உடைத்து 4 லட்சத்தை ஒரு ‘சரிபார்ப்புக் கணக்கு’க்கு அனுப்பச் சொன்னார்கள். ரிசர்வ் வங்கி நோட்டு எண்களைப் பார்த்து 48 மணி நேரத்தில் திருப்பிவிடும் என்றார்கள். சட்டைப் பையில் போன், கால் துண்டிக்காமல், வங்கிக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் ‘எதுக்கு சார் இவ்வளவு அவசரமா?’ என்று கேட்டிருக்கிறார். மகன் வீடு கட்டுகிறான் என்று சொன்னார். அந்தப் பதிலும் போனில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தில் பணம் பெறுபவர் பெயர் எழுத வேண்டும். அவர் எழுதியது வேறு மாநிலத்தில் இருக்கும் ஏதோ ஒரு வியாபார நிறுவனத்தின் பெயர். அரசாங்கக் கணக்கு என்று சொல்லிவிட்டுத் தனியார் பெயரை ஏன் எழுதச் சொல்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. எழும் நிலையில் அவரை அவர்கள் வைத்திருக்கவில்லை. ஆனால் கவுன்டரின் இரண்டு பக்கமும் கண்ணில் படக்கூடிய அடையாளம் அது ஒன்றுதான். டெல்டாவில் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்: வயதானவர், முதிர்வுக்கு முன்னால் உடைக்கும் டெபாசிட், இதுவரை பணம் அனுப்பியிராத வெளிமாநிலக் கணக்கு, காதில் அல்லது பையில் ஓடிக்கொண்டிருக்கும் கால். இவை சேர்ந்து வந்தால் அவரைத் தனியே உட்காரவைத்து, போனை வாங்கி அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்னொரு 2 லட்சம் போனது. அப்புறம் நகையை அடகு வைக்கச் சொன்னார்கள். பீரோ சாவி மருமகளிடம் இருந்தது. ‘எதுக்கு மாமா?’ என்று அந்தப் பெண் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. மகன் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். அப்போது மணி பன்னிரண்டு. முதல் நாள் போன 4 லட்சத்தில் எதுவும் அகப்படவில்லை. அன்று காலை போன 2 லட்சத்தில் 1,60,000 ரூபாய் ஒரு கணக்கில் முடக்கப்பட்டது. ஏன் இந்த வித்தியாசம் என்றால், பணம் முதல் கணக்கில் தங்காது. அங்கிருந்து ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரியும், அவற்றில் இருந்து இன்னும் பலவற்றுக்கு, கடைசியில் ஏ.டி.எம்மிலோ கிரிப்டோவிலோ மறையும். 1930-இல் புகார் பதிவானதும் வங்கிகள் அந்தச் சங்கிலியைப் பின்தொடர்ந்து, எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பிடித்து வைக்கும். இரண்டு மணி நேரம் என்றால் பிடிக்க ஏதாவது இருக்கும். ஒரு நாள் ஆகிவிட்டால் அநேகமாக வெறும் கணக்குதான் இருக்கும். முடக்கிய பணத்தைக் கையில் வாங்கப் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். மற்றபடி, வாடிக்கையாளர் தானே அனுப்பிய பணம் என்பதால் வங்கி பொறுப்பேற்காது. நமக்குத் தெரியாமல் கணக்கில் இருந்து எடுக்கப்பட்ட பணத்துக்கு இருக்கும் ரிசர்வ் வங்கிப் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது.

இனி உங்கள் அப்பா விஷயம். மும்பையில் இவர் ஆதாரில் ஒரு சிம் இருக்கிறது என்றார்களே, அதை நீங்களே சரிபார்த்துவிடலாம். sancharsaathi.gov.in என்ற அரசு இணையதளத்திலோ சஞ்சார் சாத்தி ஆப்பிலோ உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளைப் பார்க்கும் வசதி இருக்கிறது. அப்பாவின் எண்ணைப் போட்டால் அவர் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டதும் அவர் பெயரில் உள்ள எண்களின் பட்டியல் தெரியும். இந்த ஓ.டி.பி.யை நீங்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம், வேறு யார் கேட்டாலும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் போனில் ஓ.டி.பி. சொல்வது சாதாரணம் என்று அவருக்குப் படும். முடிந்தால் ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்வது இன்னும் நல்லது.

பட்டியலைப் பார்த்ததும் அவசரப்படாதீர்கள். நம் பக்கத்தில் வீட்டில் எல்லோருடைய சிம்மும் அப்பா பெயரில் இருப்பது சகஜம். அம்மாவின் எண், தம்பி காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது, மோட்டார் கொட்டகையில் பம்ப்செட்டை ஆன் செய்ய வைத்திருக்கும் கருவிக்குள் இருக்கும் சிம், எல்லாமே அங்கே வரும். எண்ணின் சில இலக்கங்கள்தான் தெரியும். தெரியாத எண் என்று நினைத்து ‘என் எண் இல்லை’ என்று குறித்துவிட்டால் அந்த இணைப்புமேல் நடவடிக்கை தொடங்கும், கடைசியில் அம்மாவின் போன்தான் நிற்கும். வீட்டில் உள்ள எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உண்மையாகவே யாருக்கும் சொந்தமில்லாத எண் ஒன்று இருந்தால் அதை மட்டும் குறியுங்கள். அப்படி இருக்க வாய்ப்பு உண்டு. பஸ் ஸ்டாண்டில் குடை போட்டு சிம் விற்றவர்களில் சிலர், கைரேகை பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள் என்று சொல்லி இரண்டாவது சிம் எடுத்த கதைகள் இருக்கின்றன. அப்படி ஒன்று இருந்தாலும் அதற்காக அப்பாவை யாரும் வீடியோவில் கைது செய்யப்போவதில்லை. தளத்தில் குறித்தால் கம்பெனி சரிபார்த்து அதை நிறுத்தும், அவ்வளவுதான்.

அடுத்தது அழைப்பு திருப்பல். இந்த ஆட்கள் சில சமயம் *401* அல்லது 21* என்று தொடங்கி ஒரு எண்ணைச் சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். அப்படி அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகும், குரலில் சொல்லப்படும் ஓ.டி.பி. உட்பட. அப்பா அப்படி எதையாவது அழுத்தினாரா என்று கேளுங்கள். நினைவில்லை என்றால் அவர் போனில் இதை அழுத்தச் சொல்லுங்கள், எல்லாத் திருப்பல்களும் நீங்கிவிடும்:

```
##002#
```

ஆதார் எண் போய்விட்டதே என்ற கவலைக்கு, ஆதார் ஆப்பில் அல்லது ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கும்போது அவர் ரேகையை வைத்து யாரும் சிம் வாங்கவோ பணம் எடுக்கவோ முடியாது. ஆனால் ரேஷன் கடையில் அப்பா ரேகை வைத்துப் பொருள் வாங்குகிறவர் என்றால், போவதற்கு முன் தற்காலிகமாகத் திறக்க வேண்டியிருக்கும். அதைச் செய்துகொடுக்க ஊரில் ஆள் இல்லையென்றால் பூட்டுவதைவிட, கணக்கில் என்ன நடக்கிறது என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்வது போதும்.

சிம் விஷயத்தில் இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் அப்பா தன் போனில் இருந்தே 198-க்குக் கூப்பிடலாம். அது அவருடைய கம்பெனியின் புகார் எண், காசு பிடிக்காது. நம் பக்கத்தில் இருந்து நாம் கூப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். வந்த அழைப்பில் சொன்ன எண்ணுக்கோ, கூகுளில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு எண்ணுக்கோ கூப்பிடக் கூடாது. திருவாரூரிலோ நன்னிலத்திலோ கம்பெனிக் கடை இருந்தால் ஆதாரோடு நேரில் போய்க் கேட்டாலும் சரி.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு வார்த்தை. ‘ஏம்பா ஆதாரைச் சொன்னீங்க?’ என்று தொடங்காதீர்கள். திட்டு வாங்குவோம் என்ற பயம் இருந்தால் அடுத்த முறை மறைப்பார், கும்பகோணத்துப் பெரியவர் மறைத்தது போல. ‘போனில் போலீஸ், சி.பி.ஐ., டிராய், கஸ்டம்ஸ், யார் பேசினாலும் என் பெண்ணிடம் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள்’ என்று ஒரே ஒரு பதிலைச் சொல்லிக்கொடுங்கள். அவர்களோடு வாதம் செய்ய வேண்டாம், கேள்வி கேட்டு மடக்க வேண்டாம். பேசப் பேச அவர்களுக்குத்தான் லாபம். அம்மாவுக்கும் இதையே சொல்லுங்கள், ஏனென்றால் அறைக்கதவு சாத்தியிருந்தால் தட்டப்போவது அவர்தான்.

எப்போதாவது பணம் போய்விட்டது என்று தெரிந்தால், யாரிடம் ஆலோசனை கேட்கலாம் என்று நேரம் கடத்தாமல் முதலில் 1930. கையில் வைத்திருக்க வேண்டியவை: அப்பாவின் கணக்கு எண், அனுப்பிய தொகை, நேரம், வங்கிச் செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண், போய்ச் சேர்ந்த கணக்கின் விவரம். சென்னையில் இருந்து நீங்களே கூப்பிடலாம், அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. புகார் எண் வந்ததும் cybercrime.gov.in தளத்தில் முழு விவரத்தையும் ஏற்றுங்கள். அப்புறம் வங்கிக் கிளைக்கும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காவல் நிலையத்தில் காத்திருந்து எழுதிக் கொடுத்துவிட்டு சாயங்காலம் 1930-க்குக் கூப்பிட்டவர்கள் உண்டு. அதற்குள் பணம் நான்கு கை மாறியிருக்கும்.

இப்போது பணம் போகவில்லை என்பதால் 1930 தேவையில்லை. அதே சஞ்சார் சாத்தியில் ‘சக்ஷு’ என்ற பகுதி இருக்கிறது, இப்படிப்பட்ட சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்கென்றே 2024 மார்ச்சில் தொடங்கியது. கடந்த 30 நாட்களுக்குள் வந்த அழைப்பாக இருக்க வேண்டும். அப்பா போனில் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணும் நேரமும் இருக்கும், அழிப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எடுக்கத் தெரியாது என்றால் எண்ணைப் படித்துச் சொன்னால்கூடப் போதும், நீங்களே பதிவு செய்துவிடலாம்.